யார் மாற்றியது தெரிகிறது, ஏன் மாற்றியது தெரியவில்லை

ஊர் மலர், சங்கத்து மனு, கோயில் வரலாறு என்று ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பில் நாலைந்து பேர் கைவைக்கும் வேலை இப்போது நம் பக்கத்தில் நிறைய நடக்கிறது. பாளையங்கோட்டையில் மலர் வடிவமைப்பும் மெய்ப்பும் பார்க்கிறவன் என்பதால், கடைசியில் அந்தக் கோப்பெல்லாம் என் மேஜைக்குத்தான் வருகிறது. வரும்போதே பாதிச் சண்டையும் கூட வந்துவிடுகிறது. இந்த முறை கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

சேரன்மகாதேவி பக்கம், மலர்க் குழுவில் ஒருவர்: அண்ணாச்சி, நேற்று ராத்திரி எங்கள் மலர்க் கட்டுரையை ஒருத்தர் போனில் எடுத்துத் திருத்தி, முழுசா அப்படியே திரும்ப ஒட்டிவிட்டார். காலையில் வெள்ளனே திறந்து பார்த்தால் பக்கவாட்டில் இருந்த கமெண்ட் ஒன்றைக்கூடக் காணோம். 3 நாளைக்கு முந்தின பதிப்பை Restore பண்ணிவிடட்டுமா? குழுவில் சண்டை வேறு.

இப்போதைக்கு வேண்டாம். 3 நாள் பின்னால் போனால் அந்த 3 நாளில் மற்றவர்கள் செய்த வேலையும் சேர்ந்து போய்விடும். ஒருவர் செய்த தப்புக்கு நாலு பேர் உழைப்பைத் திருப்பி அனுப்பின மாதிரி ஆகும். சண்டை இரண்டாகும்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். முழுசா எடுத்து முழுசா ஒட்டினால், பழைய எழுத்து எல்லாம் அழிக்கப்பட்டு, புதிதாக ஒருவர் 6 பக்கம் தட்டச்சு செய்ததாகவே கூகுள் டாக்ஸ் எடுத்துக்கொள்ளும். கமெண்ட் என்பது தாளின் ஓரத்தில் ஒட்டிய சீட்டு இல்லை, அது குறிப்பிட்ட சொற்களோடு கட்டப்பட்டது. அந்தச் சொற்கள் போனதும் கமெண்ட் ஓரத்திலிருந்து போய்விடுகிறது. ஆனால் அழிந்துவிடவில்லை. மேலே உள்ள கமெண்ட் பொத்தானை அழுத்தி மொத்தப் பட்டியலைத் திறந்தால், Original content deleted என்ற குறிப்போடு அங்கே இருக்கும். அதைப் பார்த்தாலே உங்கள் குழுவில் பாதிப் பேருக்கு மூச்சு வரும்.

அடுத்து இந்த வரிசையில் போங்கள். அரை மணி நேரம் யாரும் கோப்பில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். File, Version history, Name current version என்று போய், இப்போது இருக்கிறதற்கு 'ஒட்டியதற்குப் பின்' என்று பெயர் வையுங்கள். பிறகு Ctrl+Alt+Shift+H அழுத்தினால் வலப்பக்கம் தேதிவாரியாகப் பட்டியல் வரும். நேற்றைய தேதிக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருந்தால் அதைத் தட்டி விரியுங்கள், உள்ளே மணி நிமிடத்தோடு துண்டு துண்டாகக் காட்டும். ஒட்டின இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்த ஒரு பதிப்பில் மட்டும் கட்டுரை முழுக்க ஒரே ஆளின் நிறத்தில் இருக்கும், பழையது முழுக்க அடித்துப்போட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் முந்தின பதிப்பு. 3 நாள் பழசு வேண்டாம்.

அதையும் உடனே Restore பண்ணாதீர்கள். அந்தப் பதிப்பின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியில் Make a copy என்று இருக்கும். தனிக் கோப்பாக எடுத்து 'முந்தினது' என்று பெயர் கொடுங்கள். அந்தக் கோப்பைத் திறந்துகொண்டு Tools, Compare documents போய், ஒப்பிட வேண்டியதாக உங்கள் இப்போதைய கோப்பைக் காட்டுங்கள். வித்தியாசங்களை மட்டும் பரிந்துரைத் திருத்தங்களாகக் காட்டும் மூன்றாவது கோப்பு ஒன்று கிடைக்கும். அதில்தான் அந்த மனிதர் உண்மையில் எதை மாற்றினார் என்பது தெரியும். வெர்ஷன் ஹிஸ்டரியில் எல்லாமே மாறினதாகத் தெரியும், அதனால் இந்த வேலைக்கு அது உதவாது.

எனக்கே இது நடந்தது. தாமிரபரணி அணைக்கட்டுகள் பற்றிய ஒரு மலர்க் கட்டுரை, 6 பக்கம், ஓரத்தில் 19 கமெண்ட். உங்களுக்கு நடந்த அதே கதை. ஒப்பிட்டுப் பார்த்ததில் 6 பக்கத்தில் மொத்தமே 11 இடம்தான் மாறியிருந்தது. 7 எழுத்துப்பிழை, எல்லாம் நல்ல திருத்தம். 3 வாக்கியம் சற்று நீண்டிருந்தது. மிச்சம் ஒன்றுதான் விவகாரம். 'மன்னர் காலத்து அணைக்கட்டுகள் 7' என்று இருந்ததை அவர் 8 ஆக்கியிருந்தார்.

ஏன் ஆக்கினார் என்று கேட்டால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆற்றில் அணைக்கட்டு 8 என்பது நம் ஊரில் வயல் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். 7 என்று பார்த்ததும் ஒன்று விட்டுப்போச்சு என்று நினைத்துத் திருத்திவிட்டார். ஆனால் முதலில் எழுதினவரும் 8 என்றுதான் எழுதியிருந்தார். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கமெண்டில் வந்து, ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டினது, மன்னர் கணக்கில் சேராது என்று சொன்ன பிறகுதான் 7 ஆனது. அந்த விளக்கம் கமெண்டில் இருந்தது. போனுக்கு எடுத்துப்போன எழுத்தோடு கமெண்ட் போகவில்லை. அவர் கையில் இருந்தது காரணம் இல்லாத வெறும் 7.

நான் இத்தனை காலம் பார்த்ததில் பாதித் தகராறுக்கு வேர் இதுதான். பழைய பதிப்பைத் திறந்தால் எழுத்து கிடைக்கும், யார் எப்போது என்பது கிடைக்கும். ஏன் என்பது கமெண்டில் இருக்கும், இரண்டும் வேறு வேறு அலமாரி.

உங்களுக்கு வருவோம். ஒப்பிட்டதில் மாற்றம் கொஞ்சம்தான் என்றால், முந்தின பதிப்பை Restore பண்ணிவிட்டு அவருடைய நல்ல திருத்தங்களை அவரையே பரிந்துரையாகப் போடச் சொல்லுங்கள். மாற்றம் நிறைய, அதுவும் நல்ல மாற்றம் என்றால், இப்போது இருப்பதையே வைத்துக்கொண்டு முடியாமல் கிடந்த கமெண்டுகளைப் பட்டியலிலிருந்து பார்த்து அந்தந்த இடத்தில் புதிதாகப் போடுங்கள். எந்த வழியில் போனாலும் பழைய கமெண்ட் எல்லாம் தானாக அதனதன் இடத்துக்கு வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். Restore அழுத்துவதற்கு முன்னாலேயே, முடியாத கமெண்டுகளை யார் எழுதினார், எந்த வரிக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 19-இல் 6 மட்டுமே முடியாமல் இருந்தது, அதற்குக் கால் மணி நேரம் ஆனது.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: Restore செய்தால் அதற்குப் பிந்தைய பதிப்புகள் எல்லாம் அழிந்துவிடும். ஆகவே நான் தினமும் மாலையில் Make a copy எடுத்து, தேதியிட்டு வைத்துவிடுகிறேன். இதையே எல்லாருக்கும் பரிந்துரைக்கலாமே?

ஐயா, முதல் வரியில் சின்னத் திருத்தம். Restore செய்தால் பின்னால் உள்ளது அழியாது. பழைய பதிப்பு அப்படியே மேலே வந்து புதிய பதிப்பாக உட்காரும், அவ்வளவுதான். நேற்றையது, முந்தாநாளையது எல்லாம் பட்டியலில் அப்படியே இருக்கும். Restore செய்தது தப்பு என்று தோன்றினால் அதற்கு முந்தினதை மறுபடி Restore பண்ணிக்கொள்ளலாம். அப்படியானால் நான் ஏன் பயமுறுத்துகிறேன்? கோப்பில் அழியாவிட்டாலும் மனிதர்களுக்கு அழிந்த மாதிரிதான். காலையில் திறக்கிறவர் தன் இரண்டு பத்தி இல்லை என்பதைப் பார்ப்பாரே தவிர, ஹிஸ்டரியில் பத்திரமாக இருக்கிறது என்று பார்க்கப்போவதில்லை.

பாதுகாப்பு வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி. வழிதான் இடிக்கிறது. நகல் எடுத்த கோப்புக்குப் பழைய வரலாறு வராது, அன்றைய தேதியிலிருந்து புதுக்கணக்கு. கமெண்டும் நகல் எடுக்கும்போது அதற்கான கட்டத்தில் டிக் போட்டால்தான் வரும். அதைவிடப் பெரிய தொல்லை, தினம் ஒரு நகல் என்றால் பத்தாம் நாள் 10 கோப்பு. யாராவது ஒருவர் புதன்கிழமை நகலைத் திறந்து உட்கார்ந்து மணிக்கணக்காகத் திருத்துவார். எந்தக் கோப்பு அசல் என்று எனக்கே ஒருமுறை தெரியாமல், இரண்டு கோப்பிலிருந்து ஆளுக்கு 4 பக்கம் எடுத்து அச்சுக்குப் போகவிருந்தது.

அதற்குப் பதில் கோப்பு ஒன்றே இருக்கட்டும், அதன் முக்கியமான கட்டங்களுக்குப் பெயர் வையுங்கள். 'முதல் வரைவு முடிந்தது', 'பெரியவர்கள் பார்த்தபின்', 'அச்சுக்கு முன்' என்கிற மாதிரி. பெயர் வைக்காத பதிப்புகளைக் கூகுள் இடத்தை மிச்சம் பிடிக்க அவ்வப்போது சேர்த்துவிடும், அப்போது மணிக்கணக்கு நுணுக்கமாகத் தெரியாமல் போகலாம். ஒரு டாக்ஸ் கோப்புக்கு 40 பெயர் வரை வைக்கலாம், மலருக்கு அது தாராளம். தினமும் வைத்தால் 40 சீக்கிரம் தீர்ந்துவிடும், பெயர்களும் தேதியாகவே இருக்கும், பிறகு ஹிஸ்டரியைப் பார்ப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஏதாவது பெரிய வேலை செய்யப் போகிறேன் என்றால் அதற்கு முன் ஒரு பெயர். அந்த அளவு போதும்.

அச்சுக்குப் போகும் அன்று மட்டும் ஒரு தனி நகல் எடுத்து வையுங்கள். அதை நானும் செய்கிறேன்.

பேட்டை, சங்கச் செயலாளர்: மனு வரைவில் 'கால்வாய் தூர்வாரிய ஆண்டு ஆதாரம் இல்லை' என்று கமெண்ட் போட்டிருந்தேன். எழுதினவர் ஒரு பதிலும் சொல்லாமல் Resolve அழுத்தி மறைத்துவிட்டார். கேட்டால் 'அதான் பார்த்துட்டேனே' என்கிறார். இது மரியாதையா?

மரியாதைக் குறைவு என்று அவர் நினைத்திருக்க மாட்டார். வேலை முடிந்ததற்கு டிக் போட்டேன் என்று நினைத்திருப்பார். அந்தப் பொத்தானின் தோற்றமும் அப்படித்தான், சரி குறி. உங்களுக்கோ, பேசிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தின மாதிரி.

நான் இருக்கிற குழுக்களில் இப்படி வைத்துக்கொள்கிறோம். கமெண்டைத் திறந்தவர்தான் மூடுவார். திருத்தினவர் கீழே ஒரு வரி பதில் எழுதிவிட்டு விடுவார். 'ஆண்டை எடுத்துவிட்டேன், ஆவணம் கிடைத்தால் சேர்க்கலாம்' என்று அவர் எழுதியிருந்தால் உங்களுக்குக் கோபம் வந்திருக்குமா? ஒரு வரிதான். அந்த வரி அடுத்த மாதம் வேறொருவர் வந்து அந்த ஆண்டை மறுபடி சேர்க்காமல் காக்கும். மேலே 7, 8 கதையைப் பார்த்தீர்கள் அல்லவா.

விதிக்கு விலக்கு உண்டு. 'இங்கே ஒற்று மிகும்' என்பதற்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தால் சோலி நடக்காது. திருத்தினவரே மூடலாம். எண், ஆண்டு, பெயர், நிலத்தின் சர்வே எண், ஒருவரைப் பற்றிச் சொல்கிற வாக்கியம், இந்த மாதிரி இடத்தில் மட்டும் கேட்டவர் மூடட்டும்.

உங்கள் கமெண்டையும் கொஞ்சம் பார்ப்போமா? 'ஆதாரம் இல்லை' என்று எழுதினால் எழுதினவருக்கு அது தீர்ப்பு. அவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. 'இந்த ஆண்டு எங்கே கிடைத்தது? கிடைக்காவிட்டால் ஆண்டை விட்டுவிட்டு, பல ஆண்டுகளாகத் தூர்வாரவில்லை என்று போடலாமா?' என்று எழுதியிருந்தால் அவர் கையில் ஒரு வேலை இருந்திருக்கும். பதில் சொல்லாமல் மூடவும் முடியாது. யார் செய்ய வேண்டும் என்பது குழப்பமாக இருந்தால் @ போட்டு அவர் மெயிலைத் தட்டி, கீழே வரும் கட்டத்தில் டிக் செய்து ஒப்படையுங்கள். அவருக்கு மெயில் போகும்.

மூடின கமெண்ட் பட்டியலில் இருக்கிறது, Re-open அழுத்தித் திரும்பத் திறக்கலாம். Delete அழுத்தினால் மட்டும் அதன் கீழே நடந்த பேச்சும் சேர்ந்து போய்விடும். கோபத்தில் அதை அழுத்தாதீர்கள்.

மேலப்பாளையம், பெயர் வேண்டாம் என்றவர்: அண்ணாச்சி, இது மலர் சமாச்சாரம் இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாண அழைப்பிதழ் வரைவை ஒரு லிங்க்கில் போட்டு எல்லாரையும் பார்க்கச் சொன்னோம். 'தங்கள் நல்வரவை நாடும்' வரிசையில் என் வீட்டுக்காரர் பெயர் காணாமல் போயிருக்கிறது. எடுத்தது யார் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா?

முடியும் என்றுகூடச் சொல்வேன், ஆனால் கண்டுபிடித்ததை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை யோசித்துவிட்டுத் தேடுங்கள்.

உங்களுக்குத் திருத்தும் உரிமை இருந்தால்தான் ஹிஸ்டரி தெரியும். வெறுமனே பார்க்க மட்டும் அனுமதி என்றால் அந்த மெனு திறக்காது. லிங்க் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டிருந்தால், கூகுள் கணக்கில் நுழையாமல் வந்தவர்கள் பெயரோடு வர மாட்டார்கள். திறந்திருக்கும்போது பூனை, நரி என்று ஏதோ ஒரு விலங்கு முகம் மேலே தெரியும். ஹிஸ்டரியில் பெயரில்லாதவர்கள் எல்லாரும் ஒரே கணக்கில் விழுவார்கள். ஆக, எத்தனை மாமன் மச்சான் வந்தாலும் ஒரே ஆள்.

பெயர் வந்தாலும் அது போனின் பெயர், ஆளின் பெயர் இல்லை. சித்தப்பா போனில் அவர் பேரன் திருத்தினாலும் சித்தப்பா பெயர்தான் வரும். இன்னொன்றும் பாருங்கள். ஒருவர் பெயர்களை வயசு வரிசையாக்க நினைத்து ஒரு வரியை எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால், ஹிஸ்டரி அதை முதலில் அழித்ததாகவும் பிறகு சேர்த்ததாகவும் காட்டும். எடுத்துவிட்டு ஒட்ட மறந்திருந்தால் அழித்ததாக மட்டும் காட்டும். எதிரியும் ஞாபகமறதிக்காரரும் அதில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வரியில் ஒரு கமெண்ட் போடுவேன்: 'இங்கே அவர் பெயர் விட்டுப்போச்சு, சேர்த்திருக்கிறேன்.' அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கும். லிங்க்கை மட்டும் இன்றைக்கே கமெண்ட் போடுகிற அளவுக்குக் குறைத்துவிடுங்கள். சேர்க்க வேண்டியதைப் பரிந்துரையாகப் போடட்டும், அச்சகத்துக்குக் கொண்டுபோகிற ஒருவர் மட்டும் ஏற்கட்டும்.

திருநெல்வேலி டவுன், தட்டச்சு வேலை பார்ப்பவர்: கட்டுரை முழுக்க 'ஆறு' என்பதை 'நதி' ஆக்கச் சொன்னார்கள். Find and replace போட்டு மொத்தமாக மாற்றிவிட்டேன். இப்போது எல்லாரும் சிரிக்கிறார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள், ஆறுமுகநேரி நதிமுகநேரி ஆகியிருக்குமே. ஆறுமுகம் அண்ணாச்சி நதிமுகம் ஆகியிருப்பார், ஆறு மைல் தூரம் நதி மைல் தூரம் ஆகியிருக்கும்.

உடனே கவனித்தால் Ctrl+Z போதும். நேரமாகிவிட்டது, நடுவில் மற்றவர்கள் திருத்தியிருக்கிறார்கள் என்றால் Restore போடாமல், இப்போதைய கோப்பிலேயே 'நதி' என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். 30, 40 இடம் என்றால் ஒரு டீ குடிக்கிற நேரம். எந்த இடத்தில் முதலில் என்ன இருந்தது என்ற சந்தேகம் வந்தால் ஹிஸ்டரியைப் பக்கத்தில் ஒரு டேப்பில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் Replace all அழுத்தும் முன் இரண்டு காரியம். கோப்புக்கு அந்த நிமிடம் ஒரு பெயர் வையுங்கள், 'நதி மாற்றத்துக்கு முன்' என்று. பிறகு எத்தனை இடம் என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். 12 இடம் இருக்கும் என்று நினைத்தது 57 என்று காட்டினால் நிறுத்திவிடுங்கள், வேறு சொற்களுக்குள்ளும் அது இருக்கிறது என்று அர்த்தம்.

மேற்கோள் இருக்கிற கட்டுரையில் இது இன்னும் மோசம். ஒரு மலரில் தாமிரபரணி, தாமிரவருணி என்று இரண்டு மாதிரியும் இருந்தது, ஒன்றாக்கு என்றார்கள். ஒன்றாக்கினேன். பழைய கட்டுரைகளிலிருந்து எடுத்த மேற்கோள்களுக்குள்ளும் அது புகுந்து, ஒருவர் எழுதாததை எழுதினதாக ஆக்கிவிட்டது. அதன் பிறகு மேற்கோள்களை முதலிலேயே வேறு நிறத்தில் போட்டுக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: எங்கள் துறை மலரில் பேராசிரியை எழுதின கட்டுரையை நான் மெய்ப்பு பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் நேரடியாகத் திருத்தினால் கோபித்துக்கொள்வாங்களோ என்று பயமாக இருக்கிறது. கமெண்ட் போட்டாலும் பெரியவங்களுக்குப் பாடம் எடுத்த மாதிரி இருக்கிறது.

நேரடியாகத் திருத்த வேண்டாம். மேலே வலதுபக்கம் பென்சில் குறியில் Suggesting தேர்ந்துகொண்டு திருத்துங்கள். உங்கள் திருத்தம் வேறு நிறத்தில் நிற்கும், அவர் டிக் போட்டால்தான் கட்டுரையில் சேரும். முடிவு அவர் கையில் என்பது பார்த்ததும் தெரிகிறது, பாதிப் பயம் அதிலேயே போகும்.

கமெண்டில் தப்பு என்ற சொல்லே வராமல் எழுதிப் பாருங்கள். ஒரு பெண் எழுதினதை நான் பார்த்தேன், இன்றும் நினைவிருக்கிறது. கட்டுரையில் நெல்லைக் கால்வாய் அரியநாயகிபுரம் அணையிலிருந்து பிரிவதாக இருந்தது. அவள் எழுதினாள்: 'மேடம், அரியநாயகிபுரத்தில் பிரிவது கோடகன் கால்வாய் என்று படித்தேன். நெல்லைக் கால்வாய் சுத்தமல்லியில் என்று இருந்தது. நீங்கள் சொல்வது வேறு கால்வாயா?' கேள்வியாக முடித்ததால் மேடம் பதில் சொல்ல இடம் இருந்தது. அவர் 'மாற்றி எழுதிவிட்டேன் தாயி, சரி பண்ணு' என்று பதில் போட்டார். அவ்வளவுதான் விஷயம்.

ஒரே பத்தியில் 5 கமெண்ட் போடாதீர்கள். சின்னச் சின்னதை எல்லாம் பரிந்துரையாகச் செய்துவிட்டு, உண்மையிலேயே கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கமெண்டாக வையுங்கள். ஓரம் முழுக்க மஞ்சளாகத் தெரிந்தால் யாருக்கும் மனசு சுருங்கும். கட்டுரையே சரியில்லை என்று தோன்றினால் கமெண்டில் எழுதவே வேண்டாம். எல்லாரும் படிக்கிற இடம் அது. நேரில் போய்ச் சொல்லுங்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து, மேற்படி பதிலுக்கு மறுப்பு: எல்லாவற்றுக்கும் பரிந்துரை என்பது ஏற்க முடியாது. எங்கள் மலரில் 140 பரிந்துரை சேர்ந்து, அதில் 120 வெறும் ஒற்றுப்பிழை. ஒவ்வொன்றாக டிக் போட்டே தலைமையாசிரியருக்கு ஒரு நாள் போனது. எழுத்துப்பிழையை நேரடியாகத் திருத்திவிட்டு ஹிஸ்டரி பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பார்க்கிறவருக்கு நேரம் இல்லை என்றால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். என் கஷ்டம் என்னவென்றால், ஒற்றுப்பிழை என்று நினைத்துத் திருத்தினது சில நேரம் பொருளை மாற்றிவிடுகிறது. வேலை கொடுத்தான், வேலைக் கொடுத்தான், முதலாவது சம்பளம் தரும், இரண்டாவதில் முருகனின் ஆயுதத்தைக் கொடுக்கிறார்களோ என்று தோன்றும். ஹிஸ்டரியில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

நடுவழி ஒன்று எங்களிடம் ஓடுகிறது. எழுதினவர் உயிரோடு, பதில் சொல்கிற தூரத்தில் இருந்தால் எல்லாம் பரிந்துரை. காலமானவர் கட்டுரை, பழைய பிரசுரத்திலிருந்து தட்டச்சு செய்தது என்றால், மெய்ப்பு பார்ப்பவர் ஒருவர் மட்டும் நேரடியாகத் திருத்தி, முடிந்ததும் பெயர் வைத்துவிடுவார். இது எல்லாருக்கும் ஒத்துவருமா என்றால், எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

களக்காடு, விவசாயி: எங்கள் தலைவர் டாக்ஸ் எல்லாம் தொட மாட்டார். வேர்டு கோப்பை மெயிலில் அனுப்புவார், நான் திருத்தி அனுப்புவேன், அவர் பழைய கோப்பிலேயே மறுபடி திருத்தி அனுப்புவார்.

அவரை மாற்ற முயலாதீர்கள், வீண் வேலை. இரண்டு கோப்பையும் வைத்துக்கொண்டு வேர்டில் Review, Compare போங்கள். வித்தியாசம் எல்லாம் குறியிட்டு வரும், ஒவ்வொன்றாக ஏற்கலாம், தள்ளலாம். இனி நீங்கள் அனுப்பும்போது Track Changes போட்டு அனுப்புங்கள். மெயிலில் முதல் வரியாக 'இதற்கு மேல் இந்தக் கோப்பில்தான் திருத்த வேண்டும்' என்று எழுதுங்கள். அப்புறமும் பழையதில்தான் திருத்துவார். Compare இருக்கிறது.

சேரன்மகாதேவிக்காரர், மறுபடி: நீங்கள் சொன்னபடி ஒப்பிட்டுப் பார்த்தோம். 9 இடம்தான் மாறியிருந்தது. முந்தினதை Restore பண்ணியாச்சு. ஒட்டின அண்ணன் 8 இடத்தைப் பரிந்துரையாகப் போட்டுவிட்டார். ஒன்பதாவது, எங்கள் ஊர்ப் பெயரின் பழைய வடிவம். அதை விட்டுத்தர மாட்டேன் என்கிறார், எழுதினவரும் விடவில்லை. என்ன செய்ய?

அது கோப்பு விவகாரம் இல்லை, ஊர் விவகாரம். இருவர் சொல்வதையும் அந்த ஒரே கமெண்டின் கீழ் எழுதச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு ஆதாரத்தோடு. அதுவரை கட்டுரையில் இப்போது அரசாங்கத்தில் உள்ள பெயர் இருக்கட்டும், கமெண்டை யாரும் மூட வேண்டாம். எனக்கு அச்சுக்கு வரும்போது அது திறந்தே இருந்தால் நான் கூப்பிட்டுக் கேட்பேன்.